கழுத்தோரம் எட்டிப் பார்க்கும் பட்டையை மறைக்க

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் எடுத்த படம். சுடிதாரின் கழுத்தோரம் உள்ளாடைப் பட்டை மெல்லிய கோடாகத் தெரிகிறது. பலரும் உடனே போட்டோஷாப்பின் ஹீலிங் பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். துணியின் நிறம் தோலில் கலந்து அழுக்குபோல் படியும். அதைவிடத் துணியையே இழுத்து மூடுவது நல்லது.

போட்டோஷாப்பில் பட்டைக்கு அருகே கழுத்து விளிம்பை, பைப்பிங்கோடு சேர்த்து, லாசோவால் வளைத்து Ctrl+J அழுத்துங்கள். அப்புறம் Ctrl+T, வலது கிளிக், Warp. விளிம்பை மெல்ல நகர்த்திப் பட்டையை மூடுங்கள். இணையும் இடத்தை லேயர் மாஸ்க்கில் மென்மையான பிரஷ்ஷால் கரைத்துவிடுங்கள்.

பட்டை மறைந்தாலும் அதன் நிழல் தோளில் தங்கிவிடும். புது லேயரில் குளோன் ஸ்டாம்ப்பை 30% ஒபாசிட்டியில் வைத்து, மேலே Sample என்பதை Current & Below என்று மாற்றி, பக்கத்துத் தோலை எடுத்துப் பூசினால் போதும். துணியில் பூ வேலைப்பாடு இருந்தால், ஒரே பூ அருகருகே இரண்டு முறை தெரிகிறதா என்று 100% அளவில் பாருங்கள்.