31 வந்தும் டிப்ளோமா இல்லை: ஐபி மொத்தத்தைக் கணக்கிடும் முறை

ஐபி எனப்படும் இன்டர்நேஷனல் பாக்கலரேட் டிப்ளோமா படிக்கும் அக்கா மகள் பள்ளியில் தந்த உத்தேச கிரேடுகளை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். "மாமா, 24 எடுத்தா பாஸ். எனக்கு 31 வருது. அப்போ கவலை இல்லையே?" என்று கேட்டிருந்தாள். கூட்டல் சரிதான், பாஸ்தான் இல்லை. அவள் கணக்கையே வைத்து முறையைப் பார்ப்போம்.

முதலில் ஆறு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை ஒரு கிரேடு. மூன்று பாடங்களை எச்.எல். எனப்படும் உயர் நிலையிலும் மூன்றை எஸ்.எல். எனப்படும் சாதாரண நிலையிலும் எடுப்பதுதான் வழக்கம். எச்.எல். பாடத்துக்கு 240 மணி நேர வகுப்பு, எஸ்.எல். பாடத்துக்கு 150 மணி நேரம் என்று வைத்திருந்தாலும் கூட்டும்போது இரண்டுக்கும் ஒரே எடைதான். எச்.எல். கணக்கில் வாங்கிய 7-உம் ஏழுதான், எஸ்.எல். பிரெஞ்சில் வாங்கிய 7-உம் ஏழுதான்.

அவளுடைய எச்.எல். கிரேடுகள்: உயிரியல் 4, வேதியியல் 3, கணிதம் 4. எஸ்.எல்.: ஆங்கிலம் 7, பிரெஞ்சு 6, பொருளாதாரம் 5. கூட்டினால் 29. இதன் உச்சம் 42.

அடுத்தது கூடுதல் புள்ளி. டி.ஓ.கே. எனப்படும் அறிவுக் கோட்பாட்டுப் பாடத்துக்கும், 4,000 சொற்களுக்குள் எழுதும் நீள் கட்டுரைக்கும் எண் கிடையாது, A முதல் E வரை எழுத்துதான். இந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து 0 முதல் 3 வரை புள்ளி தரும். அதனால்தான் முழு மொத்தம் 45.

எந்த ஜோடிக்கு எவ்வளவு என்று ஐபி ஒரு கட்ட அட்டவணை வைத்திருக்கிறது. பார்த்தாலே தலை சுற்றும். நான் அதை மனப்பாடம் செய்வதில்லை. A-வுக்கு 4, B-க்கு 3, C-க்கு 2, D-க்கு 1 என்று வைத்து இரண்டையும் கூட்டிவிடுவேன். 7 அல்லது 8 வந்தால் 3 புள்ளி, 5 அல்லது 6 வந்தால் 2, 4 வந்தால் 1, அதற்குக் கீழே பூஜ்யம். இது என் குறுக்குவழிதான், ஆனால் அட்டவணையின் எல்லா ஜோடிக்கும் பொருந்துகிறது. இவளுக்கு டி.ஓ.கே.யில் B, கட்டுரையில் C. 3-உம் 2-உம் 5, ஆகவே 2 புள்ளி. மொத்தம் 31.

இரண்டில் ஒன்றில் E வந்தால் புள்ளி போவதோடு நிற்காது, டிப்ளோமாவே கிடைக்காது. சி.ஏ.எஸ். என்ற செயல்பாட்டுப் பகுதிக்குப் புள்ளி எதுவும் இல்லை, ஆனாலும் முடித்தே ஆக வேண்டும்.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மொத்தம் 24-ஐத் தொட்ட பிறகும் வேறு சில வாசல்களைத் தாண்ட வேண்டும். எந்தப் பாடத்திலும் 1 இருக்கக் கூடாது. 2 என்ற கிரேடு இரண்டு பாடங்களுக்கு மேல் வரக் கூடாது. 3-உம் அதற்குக் கீழும் சேர்த்து மூன்று பாடங்களுக்கு மேல் கூடாது. எஸ்.எல். மூன்றும் சேர்ந்து குறைந்தது 9. எச்.எல். மூன்றும் சேர்ந்து குறைந்தது 12. நான்கு எச்.எல். எடுத்தவர்களுக்கு அவற்றில் சிறந்த மூன்றைப் பார்ப்பார்கள், மீதி இரண்டு எஸ்.எல். பாடங்களில் 5 போதும்.

அவள் எச்.எல். கிரேடுகளைத் திரும்பப் பாருங்கள்: 4, 3, 4. கூட்டினால் 11. ஒரே ஒரு புள்ளியில் விழுந்துவிட்டாள். எஸ்.எல். பக்கம் 18 இருந்தும் அதிலிருந்து ஒன்றை எடுத்து இந்தப் பக்கம் வைக்க முடியாது.

விரிதாளில் போட்டுவிட்டால் கிரேடு மாறும்போதெல்லாம் தானே சொல்லும். B2 முதல் B4 வரை எச்.எல்., B5 முதல் B7 வரை எஸ்.எல். கிரேடுகளை இடுங்கள். டி.ஓ.கே., கட்டுரை இரண்டின் எண்களை B9, B10-இல் வையுங்கள், E என்றால் 0. பிறகு B11, B12, B13 கட்டங்களில் முறையே இவை:

```
=IF(MIN(B9:B10)=0,0,IF(B9+B10>=7,3,IF(B9+B10>=5,2,IF(B9+B10>=4,1,0))))
=SUM(B2:B7)+B11
=AND(B12>=24,SUM(B2:B4)>=12,SUM(B5:B7)>=9,COUNTIF(B2:B7,1)=0,COUNTIF(B2:B7,2)<=2,COUNTIF(B2:B7,"<=3")<=3,B9>0,B10>0)
```

அவள் எண்களை இட்டதும் B12-இல் 31, B13-இல் FALSE. பொருளாதாரத்தை 5-இலிருந்து 7 ஆக்கிப் பார்த்தாள். மொத்தம் 33 ஆனது, FALSE அப்படியே நின்றது. அதைப் பழையபடி வைத்துவிட்டு வேதியியலை மட்டும் 4 ஆக்கியபோது மொத்தம் 32-தான், ஆனால் TRUE வந்தது. அன்று மாலையே பொருளாதாரப் புத்தகத்தை மூடிவிட்டு வேதியியலைத் திறந்துவிட்டாள்.