வாசலுக்கு முன் இரண்டு நிமிடம்

வேலை முடிந்து வந்ததும் நேராக வீட்டுக்குள் நுழையாதீர்கள். வண்டியை நிறுத்தி, போனை சைலன்ட்டில் போட்டு பைக்குள் வைத்துவிட்டு, 2 நிமிடம் அங்கேயே நில்லுங்கள். உள்ளே போனதும் முதலில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "கேஸ் புக் பண்ணியா?", "ஹோம்வொர்க் முடிச்சாச்சா?" எல்லாம் கை கால் கழுவி, காபி குடித்த பிறகு.

டிராஃபிக்கில் ஏறிய படபடப்பு வண்டியை அணைத்தவுடன் இறங்கிவிடாது. அந்தச் சூட்டோடு கேட்டால் சாதாரணக் கேள்வியும் அதட்டலாகத்தான் விழும். பதிலும் அதே குரலில் வரும். வீட்டில் இருப்பவருக்கும் அன்றைய நாள் லேசாகப் போயிருக்காது என்பதை நாம்தான் மறந்துவிடுகிறோம். மனசு சரியில்லாத நாளில் சிரித்து நடிக்கத் தேவையில்லை. "இன்னைக்கு ஆபீஸ்ல ஒரே தலைவலி, பத்து நிமிஷம் கொடு" என்று சொல்லிவிட்டால், முகம் வாடியிருப்பது தன்னால்தானோ என்று அவர் குழம்ப மாட்டார்.

கைக்குழந்தை கதவருகே அழுதுகொண்டிருந்தால் இதெல்லாம் செல்லாது. நேரே போய்த் தூக்குங்கள். ஏற்கெனவே மனஸ்தாபம் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டிலும் இது உதவாது, அதை உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.