நடுவரின் அட்டைக் கணக்கும் விஏஆர் கணக்கும்: ஒரு பருவம் முழுக்கக் குறித்துவைப்பது எப்படி?

எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள கோப்பிக்கடையில் சனிக்கிழமை இரவு ஆட்டம் பார்க்க வரும் மாமா ஒருவர் தீவிர ஆர்சனல் ரசிகர். 2024-25 பருவம் முழுக்க அவருக்கு ஒரே பல்லவிதான்: "நமக்குன்னா மட்டும் அட்டை உடனே வெளிய வந்துருது தம்பி." அவரோடு வாதாடி அலுத்துப்போய்த்தான் நான் கணக்கெடுக்க உட்கார்ந்தேன். நான் தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. அட்டைக் கணக்கைக் கையால் எழுதாதீர்கள்

இங்கிலிஷ் பிரிமியர் லீக்கின் 380 ஆட்டங்களுக்கும் நடுவர் பெயர், தப்பாட்டம், அட்டை எல்லாம் football-data.co.uk தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எக்செல் வேண்டாம், கூகல் ஷீட்ஸ் போதும். தளத்திலிருந்து நேராக இழுத்துக்கொள்ளும். `E0` என்று ஒரு தாளுக்குப் பெயர் வைத்து, முதல் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=IMPORTDATA("https://www.football-data.co.uk/mmz4281/2425/E0.csv")
```

பந்தய விகிதங்களும் கூடவே வந்து குவியும். A முதல் X வரை மட்டும் பார்த்தால் போதும். L-இல் நடுவர், Q, R-இல் தப்பாட்டம், U, V-இல் மஞ்சள், W, X-இல் சிவப்பு. வேறொரு தாளில்:

```
=QUERY(E0!A:X,"select L, count(L), sum(U)+sum(V), sum(W)+sum(X), sum(Q)+sum(R) where L is not null group by L",1)
```

ஒரே நடுவர் இரண்டு வரியில் வந்தால் பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். `IMPORTDATA` கொண்டுவந்த கட்டத்தில் நேராகக் கைவைத்தால் மொத்தத் தாளும் பிழை காட்டும். தாளை நகலெடுத்து அதன் மேலேயே மதிப்புகளாக மட்டும் ஒட்டியபின் அந்த இடைவெளியை நீக்கிவிடுங்கள்.

2. இரண்டாவது மஞ்சள்

நான் சரியாக மாட்டிக்கொண்டது இங்கேதான். ஆகஸ்ட் 31, 2024 அன்று ஆர்சனல்-பிரைட்டன் ஆட்டத்தில் டெக்லன் ரைஸ் பந்தைத் தட்டிவிட்டதற்காக இரண்டாவது மஞ்சள் வாங்கி வெளியேறினார். நடுவர் கிறிஸ் கவானா. மூன்று வாரம் கழித்து, மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக லியாண்ட்ரோ டிரோசார்டும் பந்தை உதைத்துவிட்டதற்காக அதே மாதிரி வெளியேறினார். அங்கே நடுவர் மைக்கல் ஆலிவர். மாமாவின் கோபத்துக்கு அடித்தளமே இந்த இரண்டு ஆட்டங்கள்தான்.

இப்படி இரண்டு மஞ்சளால் ஒருவர் வெளியேறினால், இங்கிலாந்து ஆட்டங்களுக்கு இந்தத் தளம் அவருடைய முதல் மஞ்சளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மற்ற ஐரோப்பிய லீக்குகளுக்குச் சேர்க்கிறது. தளத்தின் குறிப்புக் கோப்பிலேயே இது இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. மூன்று இரவு என் கூட்டலும் வேறொரு தளத்தின் கூட்டலும் ஒத்துவராமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். இப்போது இப்படி வெளியேறியவர்களைத் தனியாக எழுதிவைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் கூட்டிக்கொள்கிறேன். லா லிகாவையும் பிரிமியர் லீக்கையும் ஒப்பிடப் போகிறவர்கள் இதைச் செய்யாவிட்டால் மொத்தக் கணக்கும் கோணலாகிவிடும்.

3. விஏஆருக்கு நோட்டுப் புத்தகம்

அந்தக் கோப்பில் விஏஆர் விவரம் இல்லை. நாமே எழுதவேண்டியதுதான். கைப்பேசிச் செயலிகள் இரண்டை முயன்றுவிட்டு நோட்டுக்கே திரும்பிவிட்டேன். ஒவ்வொரு தலையீட்டுக்கும் சொந்தத் திடல் அணி, எதிரணி, நிமிடம், விவகாரம் (கோல், பெனால்ட்டி, நேரடிச் சிவப்பு, ஆள் மாறாட்டம்), நடுவர் திரையைப் போய்ப் பார்த்தாரா, முடிவு மாறியதா, அன்றைக்கு விஏஆர் அறையில் யார் என்று குறிக்கிறேன். கோல் விழுந்தாலே பின்னணியில் ஒரு சரிபார்ப்பு நடக்கும். அதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் முடியாது. முடிவு மாறியதையும் திரைக்குப் போனதையும் எழுதுங்கள். சிவப்பு அட்டைக்கு மட்டும், மாறாவிட்டாலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நோட்டில் இருப்பதை ஷீட்டில் ஏற்றும்போது தேதியை வைத்து இணைக்காதீர்கள். இங்கிலாந்தில் செவ்வாய் இரவு 8 மணி ஆட்டம் குளிர்காலத்தில் சிங்கப்பூரில் நமக்குப் புதன் அதிகாலை 4 மணி. கோடையில் 3 மணி. நான் நம் தேதியை எழுதியதால் வார நாள் ஆட்டங்கள் ஒன்றுகூட இணையவில்லை. ஒரு பருவத்தில் ஓர் அணி இன்னோர் அணியைத் தன் திடலில் ஒரே ஒரு முறைதான் சந்திக்கும். எனவே இரண்டு அணிப் பெயர்களே போதுமான அடையாளம்:

```
=FILTER(E0!L:L, E0!D:D=A2, E0!E:E=B2)
```

பெயர்களைக் கோப்பில் உள்ளபடியே, `Man United`, `Nott'm Forest` என்று, எழுதுங்கள்.

4. "வெற்றி விகிதம்" போடலாமா?

போட்டுப் பார்த்தேன், பயனில்லை. திரைக்குப் போகும் நடுவர் பெரும்பாலும் முடிவை மாற்றிவிட்டுத்தான் வருவார். ஆகவே அந்த விகிதம் எல்லாருக்கும் நூறை ஒட்டியே நிற்கும். நடுவரின் தரத்தை அது காட்டாது.

எனக்கு உதவியது மாறிய முடிவுகளை இரண்டாகப் பிரித்ததுதான். ஆஃப்சைட், பந்து கோட்டைத் தாண்டியதா போன்றவை அளந்து சொல்லும் விஷயங்கள். ஆஃப்சைடில் கொடியைத் தூக்குவது துணை நடுவர். நடுவர் தலையில் அதை ஏற்றக்கூடாது. பெனால்ட்டி, சிவப்பு அட்டை, கையில் பட்டது ஆகியவை நடுவரின் கணிப்பு. அதை மட்டும் அவர் பெயரில் எழுதுங்கள். இப்படிச் சலித்தபின் ஒருவருக்கு மிஞ்சுவது விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதற்குச் சதவீதம் எதற்கு, பட்டியலாகவே வைத்துப் படியுங்கள்.

இன்னொன்று, "மாறவில்லை" என்றால் "சரி" என்று அர்த்தமில்லை. செப்டம்பர் 29, 2024 அன்று ஸ்பர்ஸுக்கு எதிராகப் புருனோ பெர்னாண்டஸ் பெற்ற சிவப்பை விஏஆர் மாற்றவில்லை. மேல்முறையீட்டில் அது ரத்தானது. ஜனவரி 25, 2025 அன்று வுல்வ்ஸ் ஆட்டத்தில் ஆர்சனலின் மைல்ஸ் லூயிஸ்-ஸ்கெலிக்கும் அதே கதை. என் நோட்டில் அந்த இரண்டும் நடுவருக்குச் சாதகமாகத்தான் முதலில் ஏறியிருந்தன. இதற்காகத்தான் சிவப்பு எல்லாவற்றுக்கும் ஒரு வரியும், "மேல்முறையீடு" என்று ஒரு பத்தியும் வேண்டும் என்கிறேன்.

5. சீரான நடுவர் யார்?

சராசரியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒருவர் எப்போதும் கண்டிப்பாக இருந்தால் அதுவும் சீர்தான். பார்க்கவேண்டியது ஆட்டத்துக்கு ஆட்டம் அட்டை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை, அதாவது திட்ட விலக்கத்தை. A2-இல் நடுவர் பெயர் இருக்கட்டும்:

```
=STDEV(FILTER(E0!U2:U+E0!V2:V+E0!W2:W+E0!X2:X, E0!L2:L=A2))
```

ஒரு நடுவர் 16 ஆட்டங்களில் சராசரி 4 அட்டை காட்டினார் என்று வைத்துக்கொள்வோம். அட்டைகள் தற்செயலாக விழுந்தாலே விலக்கம் சராசரியின் வர்க்கமூலத்தை ஒட்டி, அதாவது 2 அளவில், இருக்கும். அவருக்கு 2.1 வந்தால் குறைசொல்ல ஒன்றுமில்லை. 3.5 வந்தால் ஒவ்வோர் ஆட்டமாகப் பிரித்துப் பார்க்கலாம். அந்தச் சராசரியிலேயே எவ்வளவு தள்ளாட்டம் இருக்கிறது தெரியுமா? 2-ஐ 16-இன் வர்க்கமூலமான 4-ஆல் வகுத்தால் 0.5. ஒருவருக்கு 3.6, இன்னொருவருக்கு 4.4 என்றால், இரண்டாமவர்தான் கண்டிப்பானவர் என்று சொல்ல அந்த இடைவெளி போதாது. மாமாவிடம் இதை விளக்க இரண்டு தே ஓ தேவைப்பட்டது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

தப்பாட்டம் அதிகமான ஆட்டத்தில் அட்டையும் கூடும் என்பதால், பத்துத் தப்பாட்டத்துக்கு எத்தனை அட்டை என்றும் ஒரு பத்தி வைத்திருக்கிறேன். வாய்ச்சண்டைக்கும் நேரம் கடத்துவதற்கும் தரும் அட்டைகளுக்குப் பின்னால் தப்பாட்டம் இருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ரைஸ், டிரோசார்ட் வாங்கிய இரண்டாவது மஞ்சள்கள் பந்தைத் தட்டிவிட்டதற்குத்தானே.

பிற்சேர்க்கை: ஜூரோங்கிலிருந்து ஒரு வாசகர் இதையே சிங்கப்பூர் பிரிமியர் லீக்குக்குச் செய்துபார்த்து, ஒரே ஆட்டத்துக்கு இரண்டு நடுவர்கள் வருகிறார்கள் என்று எழுதியிருந்தார். தவறு என்னுடையது. இங்கும் 2023 முதல் விஏஆர் இருக்கிறது, ஆனால் அணிகள் குறைவு என்பதால் அதே எதிரணி அதே திடலுக்கு மறுபடியும் வரும். அணிப் பெயர்களோடு சுற்று எண்ணையும் ஒரு பத்தியாகச் சேர்த்து, `FILTER`-இல் மூன்றாவது நிபந்தனையாகக் கொடுங்கள். அந்த லீக்குக்கு அட்டைக் கணக்கையும் நோட்டில்தான் எழுதவேண்டியிருக்கும். மேலே சொன்ன கோப்பு அதற்குக் கிடையாது.