எஃகுச் சட்டகம், லிஃப்ட், முகப்பு: வானளாவிகளைப் பற்றி எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எஃகும் லிஃப்டும் ஒன்றாக வந்தன, வானளாவிகள் பிறந்தன" என்று மாணவர்கள் எழுதுவதை அடிக்கடி பார்க்கலாம். முதல் பிழை 'ஒன்றாக' என்ற சொல்லில் இருக்கிறது. லிஃப்ட் முன்பே வந்துவிட்டது.

லிஃப்டைக் கண்டுபிடித்தவர் எலிஷா ஓட்டிஸ் என்பதும் சரியல்ல. பாரம் தூக்கும் மேடைகள் அவருக்கு வெகு முன்பே இருந்தன. கயிறு அறுந்தால் மேடை விழுந்துவிடும் என்பதுதான் அப்போதைய பயம். ஓட்டிஸ் மேடையின் மேல் ஒரு வளைந்த வில்லைப் பொருத்தி, கயிற்றை அதில் கட்டினார். கயிறு இழுபட்டிருக்கும்வரை வில் வளைந்தே இருக்கும். கயிறு அறுந்ததும் அது நிமிர்ந்து, அதன் முனைகள் பக்கவாட்டுத் தண்டவாளங்களின் பற்களில் போய் மாட்டிக்கொள்ளும். 1854இல் நியூயார்க்கில் இதை மக்கள் முன் செய்துகாட்டினார். 1857இல் அங்கே ஐந்து தளக் கடை ஒன்றில் பயணிகள் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. 1870களில் லிஃப்ட் வைத்த அலுவலகக் கட்டடங்கள் எட்டு, பத்துத் தளங்களை எட்டின. ஆனால் அவற்றின் வெளிச்சுவர்கள் சுமையைத் தாங்கும் கல்லும் செங்கல்லும்தான். படியேறத் தயங்கியதால் மலிவாக வாடகைக்குப் போன மேல்தளங்களுக்கு லிஃப்ட் வந்த பிறகு நல்ல விலை கிடைத்தது. உரிமையாளர்கள் உயரத்தைத் தேடியதற்குக் காரணம் அதுவே.

உயரம் கூடக் கூட அடிச்சுவர் தடித்தது. சிகாகோவின் மோனாட்நாக் கட்டடத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1891இல் பர்ன்ஹாம், ரூட் இருவரின் நிறுவனம் வடிவமைத்து முடிந்த அதன் வடபாதி 16 தளம். அன்றைய பொதுக் கணக்குப்படி ஒரு தளத்துக்கு 12 அங்குலச் சுவர், மேலே கூடும் ஒவ்வொரு தளத்துக்கும் 4 அங்குலம். 12உடன் பதினைந்து நான்கு சேர்த்தால் 72 அங்குலம், அதாவது ஆறு அடி. தரைத்தளத்துச் சுவர் உண்மையிலேயே அவ்வளவு தடிமன்தான். கடை வாடகை அதிகம் கிடைக்கும் தரைத்தளத்தின் இடத்தைச் சுவரே விழுங்கியது. கூடவே சிகாகோவின் மென்மையான களிமண் நிலத்தில் கட்டடம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக அமிழ்ந்தது. 1893இல் ஹொலபர்ட், ரோஷ் நிறுவனம் சேர்த்த தென்பாதியின் வெளிச்சுவரை, தூண்களும் உத்தரங்களும் இணைந்த எஃகுச் சட்டகம் தாங்குகிறது. சுவர் மெலிந்தது, சன்னல்கள் அகன்றன.

பலர் சறுக்குவதும் இங்கேதான். வடபாதியின் முகப்பில் அலங்காரமே இல்லை. அடியில் வளைந்து அகன்று, மேலே மெல்ல வெளிநோக்கி விரியும் வெற்றுச் செங்கல் பரப்பு. அந்தத் தோற்றத்தை நம்பி அதை 'நவீன எஃகுக் கட்டடம்' என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் வெளிச்சுவரை எஃகு தாங்குவது, கூடுதல் அலங்காரம் கொண்ட தென்பாதியில்தான். முகப்பைப் பார்த்துக் கட்டமைப்பைச் சொல்லிவிட முடியாது. தரைத்தள வரைபடத்தை எடுத்து வெளிச்சுவரின் தடிமனை அளந்து, மேல்தள வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். கீழே வரவர நிறையத் தடித்தால் சுவர் சுமக்கிறது. பெரிதாக மாறாவிட்டால் அதைச் சட்டகம் சுமக்கிறது.

செயின்ட் லூயிஸின் வெயின்ரைட் கட்டடம் (1891) இதே பாடத்தை மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. லூயி சல்லிவன் அதன் முகப்பில் நெருக்கமாகச் செங்குத்துத் தூண்களை எழுப்பினார். ஒவ்வொன்றின் உள்ளும் எஃகு இருப்பதாகவே தோன்றும். ஆனால் ஒன்றுவிட்டு ஒன்றில்தான் எஃகுத் தூண் நிற்கிறது. இடையில் உள்ளவை உயரத்தை உணர்த்தச் சேர்த்தவை. அதனால் 'முகப்பு சட்டகத்தை அப்படியே காட்டுகிறது' என்று எழுதாதீர்கள். சட்டகம் கொடுத்த சுதந்திரத்தைச் சல்லிவன் உயரத்தைச் சொல்லப் பயன்படுத்தினார் என்பது துல்லியமான வாக்கியம்.

'முதல் எஃகு வானளாவி' என்று சிகாகோவின் ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தைக் (1885) குறிப்பிடும்போதும் கவனம் வேண்டும். அதை வடிவமைத்த வில்லியம் லெ பேரன் ஜென்னி அதில் வார்ப்பிரும்புத் தூண்களையும் தேனிரும்பு உத்தரங்களையும் பயன்படுத்தினார். எஃகு உத்தரங்கள் மேல்தளங்களில் மட்டுமே. சில சுவர்கள் இன்னும் சுமை தாங்கின.

எஃகை வெளியே காட்டாமல் மூடியதற்கு அழகுணர்வைக் காரணம் சொல்வதும் தவறு. 1871இன் பெருந்தீயில் மூடப்படாத இரும்பு வளைந்து உருகியதைச் சிகாகோ பார்த்திருந்தது. எனவே சட்டகத்தைச் சுடுமண்ணால் போர்த்துவது கட்டாயமானது. 1895இல் முடிந்த ரிலையன்ஸ் கட்டடத்தில் அந்தப் போர்வையே முகப்பாயிற்று: வெள்ளைப் பூச்சு கொண்ட மெல்லிய சுடுமண் பட்டைகள், அவற்றுக்கிடையே நடுவில் அசையாத பெரிய கண்ணாடியும் இருபுறமும் திறக்கும் குறுகிய சன்னல்களும். அந்தப் பட்டைகள் தாங்குவது தங்கள் எடையை மட்டுமே, அதையும் சட்டகத்தின் மீது சாய்த்துவிடுகின்றன.