‘சூட்டு வலிதான்’ என்று கழிந்த 11 மணி நேரம்

லேபர் வார்டில் வேலை செய்தவர்கள் அடிக்கடி பார்க்கும் கதை இது. தலைப்பிரசவம், 31 வாரம். சனிக்கிழமை இரவு 8 மணிக்கு இடுப்பு கனமாக இழுக்கிறது, அடிவயிறு மாதவிலக்கு நாள் போலக் கனக்கிறது. ‘சூட்டு வலிம்மா, சீரகத் தண்ணி குடிச்சிட்டுப் படு’ என்கிறார் மாமியார். விடிந்தும் நிற்கவில்லை. ஞாயிறு காலை 7 மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வரும்போது எட்டு நிமிடத்துக்கு ஒரு வலி, கர்ப்பப்பை வாய் 3 செ.மீ. திறந்திருக்கிறது. உடனே குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி. திங்கள் அதிகாலை 2 மணிக்குக் குழந்தை பிறந்துவிடுகிறது. போட வேண்டிய நான்கு ஊசியில் இரண்டுதான் போட முடிந்தது.

மாமியாரைக் குறை சொல்ல முடியாது. சூட்டு வலி என்பது உண்மையிலேயே உண்டு. அது ஒழுங்கில்லாமல் வரும், ஓய்வெடுத்தால் அடங்கும். குறைமாதப் பிரசவ வலியும் பெரிதாக அலறிக்கொண்டு வருவதில்லை என்பதுதான் சிக்கல். 37 வாரம் முடியும் முன்பு சந்தேகம் வந்தால் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, இடது பக்கமாகப் படுத்து, வயிற்றின் மேல் கையை வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். வயிறு கல் மாதிரி இறுகித் தளர்வது பத்து நிமிடத்துக்கு ஒருமுறையோ அதைவிட அடிக்கடியோ வந்தால், ஒரு மணி நேரத்துக்கு மேல் வீட்டில் இருக்கக் கூடாது. வலியே இல்லாமல் இடுப்புக்குக் கீழே குழந்தை அழுத்துவது போல இருந்தாலும், வெள்ளைப்படுதல் திடீரென நீராகவோ சளி போலவோ மாறினாலும் அன்றே போய்க் காட்ட வேண்டும். இரத்தம் பட்டாலோ தண்ணீர் கசிந்தாலோ அந்த ஒரு மணி நேரம்கூட வேண்டாம். ‘சிறுநீர்தான் கசிகிறது’ என்று பனிக்குடம் உடைந்ததையே இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

நேரத்தை ஏன் இப்படி எண்ணுகிறோம்? குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் காற்றுப் பைகள் இருக்கும், அவற்றை விரிந்த நிலையில் வைக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பூச்சுதான் போதாது. நனைந்த பாலித்தீன் கவரின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்வது போல அந்தப் பைகள் ஒட்டிக்கொள்ளும். தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய் இந்தப் பூச்சை முன்கூட்டியே சுரக்க வைக்கிறது. நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹவி என்ற இரு மருத்துவர்கள் 1972-இல் இதைத் தாய்மார்களிடம் சோதித்துக் காட்டினார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் போடுவது டெக்ஸாமெத்தசோன்: 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. கடைசி ஊசிக்குள் 36 மணி நேரம் ஓடிவிடும். அந்தப் பெண் சனி இரவே வந்திருந்தால் மூன்றாவது ஊசியும் விழுந்திருக்கும். கர்ப்பப்பை வாய் அவ்வளவு திறக்கும் முன்பு வந்திருந்தால், வலியைத் தற்காலிகமாக அடக்கும் நிஃபிடிபின் மாத்திரையால் நான்காவதற்கும் நேரம் கிடைத்திருக்கலாம். அதற்காக இரண்டு ஊசி வீண் இல்லை. பிரசவம் நெருங்கிவிட்டது போலத் தெரிந்தாலும் முதல் ஊசியைப் போடுவது அதனால்தான்.

சிறிய ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது இன்னொரு தவறு நடக்கிறது. ‘அங்கே போய்ப் போட்டுக்கலாம்’ என்று கிளம்புவது. முதல் ஊசியைப் போட்டுக்கொண்டே வண்டி ஏறலாமா என்று கேளுங்கள். போட்ட மருந்தும் நேரமும் ரெஃபரல் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஊசிக் கணக்கு குழம்பும். போகும் இடத்தில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்க வேண்டும். ஊசி நுரையீரலுக்கு உதவும், குழந்தையைக் கதகதப்பாக வைத்து மூச்சுக்குத் துணை நிற்பது அந்தப் பிரிவுதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இரட்டைக் குழந்தை, எதற்கும் இருக்கட்டும் என்று 28-ஆவது வாரமே ஊசி கேட்பது. நான்கும் முடிந்து ஒரு நாளிலிருந்து சுமார் ஒரு வாரம் வரைதான் பலன் முழுமையாக இருக்கும். பிரசவம் 33-இல் வந்தால் அந்த ஊசி பெரிதாக உதவாது. மறுபடி போடலாமா என்பது மருத்துவர் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு, வாராவாரம் போடும் விஷயம் அல்ல. வழக்கமாக 24 முதல் 34 வாரத்துக்குள், சில நாட்களில் பிரசவம் ஆகிவிடும் என்று தெரியும்போதுதான் போடுவார்கள். வாரக் கணக்கே தவறினால் எல்லாம் தவறும். அதனால் முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை மறக்காமல் கையோடு கொண்டு போங்கள்.

‘ஸ்டீராய்டா, வேண்டாம்’ என்று கையெழுத்துப் போட மறுக்கும் குடும்பங்களையும் பார்க்கலாம். ஜிம்மில் உடம்பேற்றப் போடுகிற ஸ்டீராய்டு வேறு, இது வேறு. இதில் கவனிக்க வேண்டியது சர்க்கரை. கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் அளவு எகிறும், இன்சுலின் கூட்ட வேண்டி வரலாம், அதனால் சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓரிரு நாள் குழந்தையின் அசைவு சற்றுக் குறைவதும் உண்டு. ஆனால் ‘ஊசியால்தான்’ என்று நீங்களே முடிவு கட்டாமல் நர்ஸைக் கூப்பிட்டு இதயத்துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.