மன்னார்குடி கிளையிலிருந்து ‘போதிய இருப்பு இல்லை’ என்று கடிதம் வந்தால்

“தங்கள் என்.ஆர்.இ. சேமிப்புக் கணக்கில் போதிய இருப்பு இல்லாததால், 5ஆம் தேதி வீட்டுக்கடன் கணக்குக்கு மாற்ற வேண்டிய ரூ.14,800 மாற்றப்படவில்லை. நிலுவையை உடனே செலுத்தவும்.”

வெளிநாட்டில் வேலை பார்க்கும் உங்கள் பெயருக்கு வங்கியிலிருந்து இப்படி ஒரு கடிதம் ஊர் விலாசத்துக்குப் போகும். என்.ஆர்.இ. என்பது வெளிநாட்டில் வாழும் இந்தியர் ஊர் வங்கியில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு. அப்பா அதைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பி, “நான் போய்க் கட்டிடவா?” என்று கேட்பார். அவர் கட்டலாம். ஆனால் எந்தக் கணக்கில் கட்டுகிறார் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

முதலில், பணம் ஏன் போகவில்லை என்று பாருங்கள். 1ஆம் தேதி கணக்கில் 15,000 இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 3ஆம் தேதி ஏ.டி.எம். கார்டின் ஆண்டுக் கட்டணம் 250, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 45, ஆக 295 ரூபாய் கழிந்தது. மிச்சம் 14,705. குறைவது 95 ரூபாய்தான். இருந்தாலும், மாதந்தோறும் தவணையைத் தானாக மாற்றச் சொல்லி வங்கிக்குக் கொடுத்த ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன், இருக்கிற வரைக்கும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவாக அமைவதில்லை. முழுத் தவணையும் நின்றுவிடும். தவணை நாளன்று மதியம் பணம் வந்து சேர்ந்தும் பயனில்லாமல் போவதுண்டு, பல வங்கிகளில் இந்தக் கழிவு அதிகாலையிலேயே ஓடிவிடுகிறது. பாஸ்புக் வரிகளைத் தேதிவாரியாகப் பார்த்தால் இரண்டில் எது நடந்தது என்று தெரியும்.

இனி கட்டுவது. என்.ஆர்.இ. கணக்கில் பொதுவாகச் சேர்வது வெளிநாட்டிலிருந்து வரும் பணம், இன்னொரு என்.ஆர்.இ. கணக்கின் பணம், வெளிநாட்டு நாணயத்திலேயே வைக்கும் எஃப்.சி.என்.ஆர். கணக்கின் பணம் போன்றவைதான். நெல் விற்ற பணத்தை அப்பா அதில் போட முடியாது; கிளையில் திருப்பி அனுப்புவார்கள். அது வங்கியின் பிடிவாதமல்ல, அந்நியச் செலாவணி விதி. ஆனால் வீட்டுக்கடன் கணக்குக்கு அந்தத் தடை இல்லை. நெருங்கிய உறவினர் தம் வங்கிக் கணக்கிலிருந்து நேரே உங்கள் கடன் கணக்குக்கு மாற்றலாம். ரொக்கமாக வேண்டாம், கணக்கிலிருந்து கணக்குக்கு என்று அப்பாவிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கடன் கணக்கு எண்ணையும் எழுதிக் கொடுங்கள். அவருக்குத் தெரிந்தது உங்கள் சேமிப்புக் கணக்கு எண்ணாகத்தான் இருக்கும்.

அதற்கு முன் கிளையில் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: “மறுபடியும் எடுக்க முயற்சி செய்வீங்களா, எந்தத் தேதியில?” சில வங்கிகள் இருப்பு சேர்ந்ததும் தாமாகவே எடுத்துவிடும். அப்பாவும் கட்டி, நீங்களும் இங்கிருந்து அனுப்பினால் ஒரே தவணை இரண்டு முறை போய்விடும். ஆகையால் ஒருவர் மட்டும் கட்டுங்கள். தவணை தவறியதற்கான அபராதக் கட்டணம் தனியாக விழுந்திருக்கும், அதையும் கேட்டுச் சேர்த்துக் கட்டுங்கள். அதை விட்டுவிட்டால் கடன் கணக்கில் சிறு தொகை நிலுவையாகவே நிற்கும்.

அடுத்த மாதத்திலிருந்து பணம் 2ஆம் தேதிக்குள் சேரும்படி அனுப்புங்கள், தவணைக்கு மேல் ஆயிரம் ரூபாயாவது கூட வைத்து. வங்கி குறைந்தபட்ச இருப்பு கேட்டால், அது அதற்கும் மேலே தனி.