ஆம்ப்ளிஃபையர் அவுட்புட் ஷார்ட் ஆனால்: கிளாம்ப் இருந்தும் ட்ரான்சிஸ்டர் ஏன் போகிறது?

கிளாஸ் ஏபி அவுட்புட்டில் எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே சிறிய ட்ரான்சிஸ்டர் ஒன்றின் பேஸ்-எமிட்டரைக் கட்டுவோம், இதுதான் கிளாம்ப். அங்கே சுமார் 0.65 வோல்ட் வந்ததும் அது விழித்துக்கொண்டு, பெரிய ட்ரான்சிஸ்டருக்குப் போகும் பேஸ் கரண்டைத் தன் பக்கம் இழுத்துவிடும். சுற்று எளிதுதான், சறுக்குவது கணக்கில்.

±30 வோல்ட் சப்ளை, 8 ஓம் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்வோம். உச்சத்தில் 27 வோல்ட் வந்தால் கரண்ட் 3.4 ஆம்ப்ஸ். பழக்கதோஷத்தில் 0.22 ஓம் போட்டால் 3 ஆம்ப்ஸிலேயே கிளாம்ப் குறுக்கிடும், பாட்டின் உச்சங்கள் நசுங்கும். 0.15 ஓம் என்றால் எல்லை 4.3 ஆம்ப்ஸ். கிளாம்ப் ட்ரான்சிஸ்டரை ஹீட்சிங்க் ஓரமாக வைத்து அது 70 டிகிரிக்குச் சூடானால், டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் குறைந்து எல்லை 3.7-க்கு இறங்கிவிடும். குளிர்ந்திருக்கும்போது சுத்தமாகப் பாடி, அரை மணி கழித்துக் கரகரத்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். கிளாம்பைத் தள்ளி வைப்பதே மருந்து.

கரண்டைக் கட்டிவிட்டோம், ட்ரான்சிஸ்டர் பிழைக்கும் என்று நம்புவதுதான் பெரிய தவறு. ஷார்ட்டில் 30 வோல்ட் முழுவதும் ட்ரான்சிஸ்டர் மேல் விழும். 4.3 ஆம்ப்ஸோடு பெருக்கினால் 129 வாட். 8 ஓம் ரெசிஸ்டர் சுமையில் மிக மோசமான கணத்தில்கூட 28 வாட்தான். 2N3055-இன் 115 வாட் என்பதும் உறை 25 டிகிரியில் இருக்கும்போது மட்டுமே.

அதனால் கிளாம்பின் பேஸுக்கு முன் 100 ஓம் வைத்து, பாசிட்டிவ் சப்ளையிலிருந்து அந்தப் பேஸுக்கு ஒரு ரெசிஸ்டர் கொடுப்பார்கள். ட்ரான்சிஸ்டர் மேல் வோல்டேஜ் கூடக்கூட எல்லை தானே இறங்கும். 8.2 கிலோ ஓம் போட்டால் ஷார்ட்டில் 2 ஆம்ப்ஸுக்குக் கீழே வந்துவிடும். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அவுட்புட் −27 வோல்ட்டுக்குப் போகும்போது அதே ரெசிஸ்டர் 100 ஓமில் 0.69 வோல்ட்டை உண்டாக்கி, வேலையே இல்லாத மேல் கிளாம்பைத் தட்டி எழுப்பும். 12 கிலோ ஓமில் இது 0.47 வோல்ட்தான். ஷார்ட்டில் 2.7 ஆம்ப்ஸ், 81 வாட். என் தேர்வு இதுதான், கூடவே பெரிய ஹீட்சிங்க்கும் ஃப்யூஸும்.

கீழ்ப்பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேலே கிளாம்ப் இழுப்பது கரண்ட் சோர்ஸ் தரும் 5 மில்லிஆம்ப்ஸை மட்டுமே. கீழே எதிரில் நிற்பது வோல்டேஜ் பெருக்கும் ட்ரான்சிஸ்டர். அவுட்புட் சொன்னபடி கேட்கவில்லை என்று ஃபீட்பேக் அதை முழு வேகத்தில் தள்ளும். உள்ளீட்டு நிலை 2 மில்லிஆம்ப்ஸ் கொடுத்து, பீட்டா 100 என்றால் 200 மில்லிஆம்ப்ஸ், கிட்டத்தட்ட 6 வாட். பெரிய ட்ரான்சிஸ்டர் நன்றாக இருந்து, கீழ்க் கிளாம்பும் வோல்டேஜ் பெருக்கும் ட்ரான்சிஸ்டரும் மட்டும் கருகியிருந்தால் காரணம் இதுவே. அந்தப் பெருக்கும் ட்ரான்சிஸ்டரின் எமிட்டரில் 47 ஓமும், அதன் மேல் இன்னொரு சிறு கிளாம்பும் போட்டால் 14 மில்லிஆம்ப்ஸில் நின்றுவிடும்.